சின்ன பிளக், பெரிய பிளக்: மோடத்தைத் திரும்பப் பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

மண்சரிவு அபாயத்தால் வீட்டை விட்டுப் போனபோது பல குடும்பங்கள் மோடத்தையும் அதன் வயர்களையும் கழற்றி ஒரே பையில் போட்டுக்கொண்டு போயிருப்பீர்கள். பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ உறவினர் வீட்டிலோ சில வாரங்கள், சில மாதங்கள் கழிந்துவிட்டன. இப்போது திரும்பி வந்து பையைத் திறந்தால், எந்த வயர் எந்தத் துளையில் இருந்தது என்பது நினைவில் இருக்காது. இது எல்லோருக்கும் நடப்பதுதான்.

மோடத்தின் பின்பக்கம் தொலைபேசி வயருக்கு ஒரு சொக்கட்டும் கணினி வயருக்கு வேறு சொக்கட்டுகளும் இருக்கின்றன. இரண்டு வகை பிளக்குகளும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் செய்யப்பட்டவை. இரண்டிலும் "கிளிக்" என்று பூட்டிக்கொள்ளும் சிறு கொக்கி உண்டு. அதனால் ஒன்றின் இடத்தில் மற்றது போனாலும் பரவாயில்லை என்று தோன்றும். அப்படி இல்லை. தொலைபேசி பிளக்கைக் கணினிக்குரிய சொக்கட்டில் செருகினால் இணையம் வராதது மட்டுமல்ல, உங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு யார் எடுத்தாலும் கிடைக்காத நிலையும் ஏற்படலாம். மழை இரவில் கிராம உத்தியோகத்தரோ பக்கத்துத் தோட்டத்து உறவினரோ எச்சரிக்கை சொல்ல எடுத்தால், அவர்களுக்கு "பிஸி" சத்தம்தான் கேட்கும். உங்களுக்கு மணியே அடிக்காது. ஆகவே பொருத்துவதற்கு முன் இந்தப் பக்கங்களை ஒரு தடவை வாசியுங்கள்.

முதலில்: உங்கள் வீட்டுக்கு இணையம் எப்படி வருகிறது?

நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் மூன்று விதமான இணைப்புகள் இருக்கின்றன.

முதலாவது, தூணிலிருந்து வரும் செப்புக் கம்பி. தொலைபேசியும் இணையமும் அதே கம்பியில் வரும். இந்த இணைப்பு உள்ள வீடுகளில்தான் பிளக் மாறும் பிரச்சினை அதிகம். இக்கட்டுரை பெரும்பாலும் அவர்களுக்கே.

இரண்டாவது, ஃபைபர் என்ற கண்ணாடி இழை. அதன் முனையில் பெரும்பாலும் பச்சை நிறச் சதுர பிளக் இருக்கும். அது நாம் பேசும் இரண்டு வகையிலும் சேராது. அதைக் கழற்றவோ மடக்கவோ வேண்டாம். முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவும் வேண்டாம்.

மூன்றாவது, சிம் போட்ட 4ஜி ரவுட்டர். இதற்கு வெளியிலிருந்து எந்தக் கம்பியும் வருவதில்லை. கரண்ட் வயர் மட்டும் போதும்.

இரண்டு பிளக்குகளையும் அடையாளம் காண்பது

அளவுகோல் தேவையில்லை. பிளக்கின் கொக்கி கீழே இருக்கும்படி பிடித்து, மேல் பக்கத்தைப் பாருங்கள். தங்க நிறத்தில் சிறிய தகடுகள் வரிசையாகத் தெரியும். அவற்றை எண்ணுங்கள்.

இரண்டு அல்லது நான்கு தகடுகள் இருந்தால் அது தொலைபேசி பிளக். கடைக்காரர்கள் ஆர்ஜே11 என்பார்கள். அதன் அகலம் ஏறக்குறைய 9.6 மில்லிமீற்றர். வயர் பெரும்பாலும் மெல்லியதாகவும் தட்டையாகவும் இருக்கும்.

எட்டுத் தகடுகள் இருந்தால் அது நெட்வேர்க் பிளக். கடையில் ஆர்ஜே45 என்று கேட்டால் கொடுப்பார்கள். அதன் அகலம் ஏறக்குறைய 11.7 மில்லிமீற்றர். வயர் பெரும்பாலும் தடித்து உருண்டையாக இருக்கும். உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு சோடிகளாக இருக்கும்.

வயரின் நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு கம்பனி மஞ்சள் வயர் தரும், இன்னொரு கம்பனி சாம்பல் வயர் தரும். தகடுகளின் எண்ணிக்கைதான் நம்பக்கூடிய அடையாளம்.

இனி மோடத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். தனியாக உள்ள சிறிய சொக்கட்டின் அருகே DSL அல்லது ADSL அல்லது LINE என்று எழுதியிருக்கும். அதுதான் தொலைபேசிக் கம்பிக்குரிய இடம். வரிசையாக உள்ள பெரிய சொக்கட்டுகளின் அருகே LAN என்று எழுதி, 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். அவை கணினிக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் உரியவை. சில ரவுட்டர்களில் WAN என்று இன்னொரு பெரிய சொக்கட் இருக்கும். அதைப் பார்த்து, "வெளியிலிருந்து வரும் கம்பி இதற்குத்தான்" என்று சிலர் தொலைபேசிக் கம்பியைச் செருகிவிடுகிறார்கள். அதுவும் எட்டுத் தகடுள்ள நெட்வேர்க் சொக்கட்தான். தொலைபேசிக் கம்பிக்கு அது உரியதல்ல.

பொருந்தக் கூடாதென்றால், ஏன் உள்ளே போகிறது?

நெட்வேர்க் பிளக் பெரியது. அதனால் தொலைபேசி சொக்கட்டுக்குள் அது போகாது. பலவந்தமாகத் தள்ளினால் பிளாஸ்டிக் உடையும். ஆகவே அந்தத் தவறு அரிது. மறுபக்கத் தவறுதான் சுலபமாக நடக்கிறது. சிறிய தொலைபேசி பிளக் பெரிய நெட்வேர்க் சொக்கட்டின் நடுவில் தடையில்லாமல் போய் உட்காரும், "கிளிக்" என்ற சத்தமும் கேட்கும். சரியாகச் செருகிவிட்டோம் என்ற நம்பிக்கையை அந்தச் சத்தமே தந்துவிடுகிறது.

இந்த வடிவம் தற்செயலானதல்ல. அலுவலகங்களில் ஒரே சுவர் சொக்கட்டைத் தொலைபேசிக்கும் கணினிக்கும் மாறி மாறிப் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தில், பெரிய சொக்கட்டின் நடு இரண்டு கம்பிகள் தொலைபேசிக்கு ஒத்துவரும்படி கம்பிகளின் வரிசை அமைக்கப்பட்டது. 1990இல் முறுக்குக் கம்பியில் கணினி வலையமைப்புக்கான தரம் வந்தபோது, அதற்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, நடுவில் உள்ள 4ஐயும் 5ஐயும் விட்டுவிட்டார்கள். 1999இல் வந்த கிகாபிட் தரம் எட்டுக் கம்பிகளையும் பயன்படுத்துகிறது. எனவே புதிய மோடங்களில் அந்த நடுச் சோடியும் தரவுக்கான பாதையாகிவிட்டது. சொக்கட்டின் வடிவம் மட்டும் பழையபடியே இருக்கிறது.

உள்ளே போனால் என்ன நடக்கும்?

தொலைபேசிக் கம்பியில் எப்போதும் மின்சாரம் இருக்கிறது. நீங்கள் பேசாமல் இருக்கும்போதும் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறக்குறைய 48 வோல்ட் நேர் மின்னழுத்தம் வந்துகொண்டே இருக்கும். மணி அடிக்கும்போது அதனுடன் இன்னும் 75 முதல் 90 வோல்ட் வரையான மாறு மின்னழுத்தம் சேரும். ஈரக் கையால் வெறும் கம்பியைத் தொட்டிருந்தால் அந்தச் "சுரீர்" உங்களுக்குத் தெரிந்திருக்கும். கணினிக்குரிய சொக்கட்டில் ஓடும் சைகையோ இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் அடங்கியது.

ரிசீவரைத் தூக்கும்போது தொலைபேசிக்குள் இரண்டு கம்பிகளுக்கும் இடையே ஒரு பாதை திறந்து மின்சாரம் ஓடத் தொடங்குகிறது. அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் எக்ஸ்சேஞ்ச் "இந்த வீட்டில் ரிசீவரைத் தூக்கிவிட்டார்கள்" என்று அறிகிறது. இப்போது தொலைபேசி பிளக்கை LAN சொக்கட்டில் செருகினால், நடு இரண்டு தகடுகளும் மோடத்தின் 4ஆம், 5ஆம் தகடுகளைத் தொடும். பல மோடங்களில் அந்த இரண்டும் உள்ளே ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும், அல்லது மெல்லிய கம்பிச் சுருளால் தொடர்பாகியிருக்கும். எக்ஸ்சேஞ்சுக்கு அது ரிசீவரைத் தூக்கியதைப் போலவே தெரியும். ரிசீவர் அதன் இடத்தில் அமைதியாக இருந்தாலும், உங்கள் வீடு பேசிக்கொண்டே இருப்பதாக எக்ஸ்சேஞ்ச் நினைத்துக்கொள்ளும்.

இன்னொரு கெடுதி சொக்கட்டின் ஓரங்களில் நடக்கிறது. பெரிய சொக்கட்டுக்குள் எட்டு மெல்லிய ஸ்பிரிங் கம்பிகள் இருக்கின்றன. சிறிய பிளக்கில் 1ஆம், 8ஆம் கம்பிகளுக்கு நேரே தகடு கிடையாது, பிளாஸ்டிக் ஓரம்தான் இருக்கும். அது அந்த இரண்டையும் அளவுக்கு மேல் அழுத்தி வளைத்துவிடும். பிறகு சரியான பிளக்கைச் செருகினாலும் அந்தக் கம்பிகள் எழும்பி வந்து தொடாமல் போகலாம். 1ஆம் கம்பி தொடாவிட்டால் அந்தச் சொக்கட்டில் கணினி இணைப்பே வராது. 8ஆம் கம்பி மட்டும் தொடாவிட்டால் கிகாபிட் வேகம் 100 மெகாபிட்டுக்கு இறங்கும்.

ஒரு வீட்டை எடுத்துப் பார்ப்போம்

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் செப்புக் கம்பி இணைப்புள்ள ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். குடும்பம் திரும்பி வந்து மாலையில் மோடத்தைப் பொருத்துகிறது. பையில் தட்டை வயர் ஒன்றும் உருண்டை வயர் ஒன்றும் இருந்தன. மகன் தட்டை வயரின் ஒரு முனையைச் சுவரில் உள்ள தொலைபேசி சொக்கட்டிலும் மறு முனையை LAN 1 சொக்கட்டிலும் செருகுகிறான். "கிளிக்" என்று பூட்டிக்கொள்கிறது.

மோடத்தில் பவர் விளக்கு எரிகிறது. வைஃபை விளக்கும் எரிகிறது. கைபேசியில் வைஃபை பெயர் தெரிகிறது, கடவுச்சொல்லையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. DSL என்று எழுதிய விளக்கு எரியாமலோ விட்டு விட்டு மின்னியபடியோ இருக்கிறது. LAN 1 விளக்கு எரியவேயில்லை. "கம்பி அறுந்திருக்கும், பில் கட்டாததால் வெட்டியிருப்பார்கள்" என்று வீட்டில் பேச்சு எழுகிறது.

அம்மா ரிசீவரைத் தூக்கிப் பார்க்கிறார். வழக்கமான "ம்ம்ம்" சத்தம் இல்லை. கொழும்பில் வேலை செய்யும் மகள் இரவு மூன்று தடவை எடுக்கிறாள். மூன்று தடவையும் "பிஸி". வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவள் விட்டுவிடுகிறாள்.

இங்கே மூன்று அடையாளங்கள் சேர்ந்து வந்திருக்கின்றன: வைஃபை இருக்கிறது, DSL விளக்கு நிலையாக இல்லை, வெளியிலிருந்து எடுப்பவருக்கு "பிஸி" கேட்கிறது. மூன்றும் ஒன்றாக வந்தால் முதலில் மோடத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். கம்பி உண்மையிலேயே அறுந்திருந்தால் மின்சாரம் ஓட வழியில்லை. அப்போது எடுப்பவருக்குப் பொதுவாக மணி அடிப்பது போலவே கேட்கும், உங்களுக்குத்தான் கேட்காது. இந்த வேறுபாடு பிழை எங்கே என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

மறுநாள் காலை மகன் தட்டை வயரை LAN 1 இலிருந்து கழற்றுகிறான். சில நிமிடங்கள் பொறுத்து ரிசீவரைத் தூக்கினால் "ம்ம்ம்" சத்தம் திரும்பியிருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் யாரும் எதையும் செய்யவில்லை. தூக்கிய ரிசீவரைத் திரும்ப வைத்ததாக எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். பிறகு அதே வயரை DSL சொக்கட்டில் செருகுகிறான். விளக்கு இரண்டு மூன்று நிமிடம் மின்னிவிட்டு நிலையாக எரிகிறது. அதன் பிறகு இணைய விளக்கும் எரிகிறது.

கடைசியில் அவன் ஒரு டோர்ச் வெளிச்சத்தில் LAN 1 சொக்கட்டுக்குள் பார்க்கிறான். எட்டுக் கம்பிகளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஓரத்துக் கம்பி இரண்டும் கீழே அமிழ்ந்திருக்கின்றன. ஊசியால் தூக்கிவிடலாம் என்று அவன் நினைக்கவில்லை. அப்படிச் செய்தால் கம்பி முறியும், அல்லது பக்கத்துக் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். கணினியின் உருண்டை வயரை LAN 2 இல் செருகுகிறான். வேலை முடிந்தது.

எல்லா மோடமும் இப்படித் தப்பிவிடும் என்று சொல்ல முடியாது. தவறாகச் செருகியிருந்த நேரத்தில் மணிக்குரிய மின்னழுத்தமும் வந்திருந்தால், உள்ளே உள்ள சிறு தடைகள் சூடாகிக் கருகலாம். கருகல் மணம் வந்தாலோ மோடம் வழக்கத்தை விடச் சூடானாலோ கரண்டை நிறுத்தி, அதைத் திரும்பப் போடாமல் வையுங்கள்.

சரியான வரிசையில் பொருத்துவது

1. மோடமும் அதன் கரண்ட் அடாப்டரும் நனைந்திருந்தாலோ உள்ளே சேறு போயிருந்தாலோ பொருத்த வேண்டாம். சொக்கட்டுக்குள் பச்சை நிறக் களிம்பு தெரிந்தாலும் அப்படியே.

2. வீட்டுக்கு வரும் கம்பி நிலத்தில் விழுந்து கிடந்தால் தொட வேண்டாம். அது மின்சாரக் கம்பியோடு உரசிக் கிடக்கக்கூடும்.

3. சுவர் சொக்கட்டிலிருந்து வரும் வயரை ஸ்பிளிட்டர் என்ற சிறு பெட்டியின் LINE பக்கத்தில் செருகுங்கள். அந்தப் பெட்டி தொலைபேசிக் குரலையும் இணையச் சைகையையும் பிரித்துத் தருவது. அதன் மூன்று சொக்கட்டுகளும் சிறியவை.

4. ஸ்பிளிட்டரின் PHONE பக்கத்திலிருந்து தொலைபேசிக்கு ஒரு வயர். MODEM பக்கத்திலிருந்து மோடத்தின் DSL சொக்கட்டுக்கு இன்னொரு வயர். இரண்டும் தட்டை வயர்கள்தான். ஸ்பிளிட்டர் தொலைந்துவிட்டால் தொலைபேசியை நேரே இணைக்க வேண்டாம். பேசும்போது இரைச்சல் கேட்கும், மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் இணையம் அறுந்து போகும்.

5. கணினி இருந்தால் உருண்டை வயரின் ஒரு முனையை LAN சொக்கட்டிலும் மறு முனையைக் கணினியிலும் செருகுங்கள். கைபேசி மட்டும் பாவிக்கும் வீட்டுக்கு இந்த வயரே தேவையில்லை. அதைச் சுருட்டி வேறிடத்தில் வைத்துவிடுங்கள்.

6. எல்லாம் பொருத்திய பிறகு கடைசியாகக் கரண்டைப் போடுங்கள். DSL விளக்கு நிலையாக எரியும் வரை பொறுங்கள்.

7. ரிசீவரைத் தூக்கிச் சத்தத்தைக் கேளுங்கள். பின்னர் ஒரு கைபேசியிலிருந்து வீட்டு எண்ணுக்கு எடுத்து, மணி அடிக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனையை விட்டுவிட வேண்டாம். இணையம் வேலை செய்வதால் மட்டும் உங்களுக்கு அழைப்பு வரும் என்று சொல்ல முடியாது.

ஃபைபர், 4ஜி வீடுகளுக்கு

இந்தப் பெட்டிகளிலும் PHONE அல்லது TEL என்று எழுதிய சிறிய சொக்கட் இருக்கலாம். செப்புக் கம்பி வீட்டில் மின்னழுத்தம் வெளியிலிருந்து மோடத்துக்கு வருகிறது. இங்கே பெட்டியே அதை உண்டாக்கித் தொலைபேசிக்கு அனுப்புகிறது. ஆகவே அந்தச் சொக்கட்டிலிருந்து வயரை நேரே தொலைபேசிக்கு மட்டும் கொண்டுபோங்கள். சுவரில் பழைய செப்புக் கம்பி சொக்கட் மிச்சமிருந்தால் அதோடு இணைக்க வேண்டாம். பழைய கம்பியில் இன்னும் மின்சாரம் இருந்தால் இரண்டும் மோதி, பெட்டி பழுதாகும்.

இந்த வீடுகளில் கரண்ட் போனால் பெட்டியோடு தொலைபேசியும் நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். செப்புக் கம்பியில் வரும் சாதாரண தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் கிடைப்பதால், வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் அது பேசும்.

இடியும் மின்னலும்

மலைநாட்டில் ஏப்ரல் மாதத்திலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடி மின்னல் அதிகம். தூணிலிருந்து வரும் செப்புக் கம்பி மின்னலின் வேகத்தை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடியது. கரண்ட் பிளக்கைக் கழற்றினால் மட்டும் போதாது, DSL சொக்கட்டிலிருந்து தட்டை வயரையும் கழற்ற வேண்டும். இடி தொடங்குவதற்கு முன்பே கழற்றுங்கள். தலைக்கு மேல் இடி இடிக்கும்போது வயரைத் தொட வேண்டாம்.

அவசரத்தில் கழற்றி அவசரத்தில் திரும்பப் போடும்போதுதான் வயர் மறுபடியும் LAN சொக்கட்டுக்குப் போய்விடுகிறது. ஆகவே இன்றைக்கே ஒரு சிறு வேலை செய்யுங்கள். தட்டை வயரின் முனையிலும் DSL சொக்கட்டின் அருகிலும் ஒரே நிறத்தில் துணித் துண்டோ ஒட்டுத் தாளோ ஒட்டிவிடுங்கள். தொலைபேசிக்கு ஆள் இல்லாத நேரத்தில் பிள்ளைகளோ பாட்டியோ பொருத்தினாலும் நிறம் பார்த்துப் பொருத்துவார்கள்.

எப்போது உதவி கேட்க வேண்டும்?

வயர்கள் சரியான இடத்தில் இருக்கின்றன, மோடத்தைக் கழற்றிவிட்டுத் தொலைபேசியை மட்டும் சுவர் சொக்கட்டில் செருகிப் பார்த்தும் சத்தம் இல்லை என்றால், பிழை வீட்டுக்கு வெளியே இருக்கலாம். ஸ்ரீலங்கா டெலிகொம் இணைப்பு என்றால் 1212க்குக் கைபேசியிலிருந்து எடுங்கள். "இணையம் இல்லை" என்று மட்டும் சொல்லாமல் நான்கு விடயங்களைச் சொல்லுங்கள்: உங்கள் தொலைபேசி எண், ரிசீவரில் சத்தம் இருக்கிறதா, DSL விளக்கு எரிகிறதா மின்னுகிறதா, வெளியிலிருந்து எடுப்பவருக்கு மணி கேட்கிறதா "பிஸி" கேட்கிறதா. இந்த நான்கும் தெரிந்தால், பிழை தூணிலா வீட்டிலா மோடத்திலா என்று அவர்கள் ஊகிக்க முடியும். தொழில்நுட்பவியலாளர் மலை ஏறி வரும்போது தேவையான பொருளோடு வரவும் அது உதவும்.

தொலைபேசி சரியாகும் வரை, எச்சரிக்கைக் காலத்தில் உங்களைத் தொடர்புகொள்ள வேண்டிய கைபேசி எண்ணைக் கிராம உத்தியோகத்தரிடமும் பக்கத்து வீட்டிலும் கொடுத்து வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117.